சொல்லின் முதலில் வராத எழுத்துக்கு எப்படிப் பாட்டுக் கட்டுவது?

கேள்வி: “மகளுக்கு நாலு வயசு. உயிரெழுத்துப் பாட்டை முழுசாப் பாடுறா, ஆனா எழுத்தைக் காட்டினா தெரியல. மெய்யெழுத்துக்குப் போனா இன்னும் சிக்கல்: ட, ண, ழ, ள, ற எல்லாம் சொல்லோட முதல்ல வர்றதே இல்லையே, அதுக்கு எப்படிப் பாட்டுக் கட்டுறது? அர்த்தமில்லாத வேடிக்கைப் பாட்டா நானே எழுதிக்கலாமா, இல்ல குழப்பிடுவேனா?”

தாராளமாக எழுதலாம். எழுத்து சொல்லில் எங்கே உட்காருகிறது என்பதை மட்டும் முதலில் கவனித்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்துகள் பன்னிரண்டும் சொல்லுக்கு முதலில் வரும். மெய்களில் க, ச, த, ப, ஞ, ந, ம, ய, வ ஆகியவை உயிரோடு சேர்ந்து முதலில் வரும். ங-வையும் இலக்கணம் பெயரளவுக்குச் சேர்க்கிறது. மீதமுள்ள எட்டு எழுத்துகள், அதாவது ட, ண, ர, ல, ழ, ள, ற, ன, தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. டப்பா, ரயில், லட்டு போன்ற வந்த சொற்களால் ட, ர, ல மூன்றையும் சமாளித்துவிடலாம். மற்ற ஐந்துக்கு அந்த வழியும் கிடையாது. “அ - அம்மா” என்ற அச்சில் எல்லா எழுத்தையும் வார்க்கப் பார்ப்பதால்தான் பாட்டு உயிரெழுத்தோடு நின்றுவிடுகிறது.

இதற்கான வழியை ஔவையார் ஆத்திசூடியிலேயே காட்டியிருக்கிறார். ககர வரிசை தொடங்கியதும் முதலில் வரக்கூடிய எழுத்துகளை, ய தவிர, முதலிலேயே வைக்கிறார். ட வந்ததும் “இடம்பட வீடு எடேல்” என்று அதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகிறார். ண-வுக்கு இணக்கம், ர-வுக்கு அரவம், ல-வுக்கு இலவம், ழ-வுக்கு அழகு, ள-வுக்கு இளமை, ற-வுக்கு அறன், ன-வுக்கு அனந்தல். எட்டும் அப்படித்தான். தமிழ்ச் செய்யுளில் முதலெழுத்து ஒன்றுவது மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றுவது எதுகை. ஆகவே உயிருக்கு மோனைப் பாட்டு, இந்த எட்டுக்கு எதுகைப் பாட்டு என்று பிரித்துக்கொண்டால் வேலை பாதி முடிந்தது.

முதலில் மோனை. வேடிக்கைப் பாட்டில் இரண்டு வகை உண்டு. சொற்கள் நிஜமானவை, நடப்பதுதான் அபத்தம் என்பது ஒன்று. சொல்லே இட்டுக்கட்டியது என்பது இன்னொன்று. தொடக்கத்தில் முதல் வகை போதும். எ, ஏ இரண்டுக்கும் ஒரு ஜோடி பாருங்கள்:

எம்பி எம்பி எலி பார்த்தது
எட்டாக் கொடியில் எருமை காய்ந்தது

ஏணி ஏணி ஏன் அழுதது?
ஏலக்காய் மேலே ஏறி மிதித்தது

வரிக்கு நான்கு தட்டு, பாட்டுக்கு இரண்டு வரி. நாலு வயதுக்கு இதற்கு மேல் நீளம் வேண்டாம். துணிக்கொடியில் எருமை காய்வதும் ஏலக்காய் ஏணியை மிதிப்பதும் குழந்தைக்கு உடனே படமாகத் தெரியும். அப்படித் தெரிந்தால்தான் சொல் வரிசை மனதில் நிற்கும். வரிக்குள் மோனைச் சொல் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். எல்லாச் சொல்லும் எ-வில் தொடங்க வேண்டியதில்லை. நான்கும் அதே எழுத்தில் தொடங்கினால் காதுக்கு எதிலிருந்தும் அது வேறுபட்டுத் தெரியாது. “கொடியில்”, “காய்ந்தது” என்று இடையில் வேறு ஒலி வரும்போதுதான் எ தனித்துக் கேட்கிறது.

யாப்பு தெரிந்தவர்கள் இங்கே ஒரு பிழை செய்வதுண்டு. செய்யுளில் இன எழுத்துகள் ஒன்றுக்கொன்று மோனையாகும்: அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம், இ, ஈ, எ, ஏ ஓர் இனம், உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். ச-வுக்கு த, ம-வுக்கு வ, ஞ-வுக்கு ந என்றும் வரும். வெண்பாவில் அது அழகு. எழுத்துப் பாட்டில் அதையே செய்தால் “இலை”யும் “எலி”யும் ஒரே எழுத்து என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். அதனால் இங்கே இன மோனை கூடாது. அதே எழுத்து, அதே குறில் அல்லது அதே நெடில்தான்.

சொல் தேர்விலும் ஒரு பொறி இருக்கிறது. அச்சிட்ட புத்தகங்கள்கூட இதில் விழுகின்றன. பேச்சில் இலையை “எல” என்கிறோம், இடத்தை “எடம்”, உரலை “ஒரல்”, உடையை “ஒட”. அடுத்த அசையில் அ அல்லது ஐ இருந்து, நடுவில் ஒற்றை மெய் மட்டும் இருந்தால், பேச்சில் இ பெரும்பாலும் எ ஆகிறது, உ ஒ ஆகிறது. வீட்டில் “எல” என்றே கேட்டு வளர்ந்த குழந்தைக்கு “இ - இலை” என்று படம் காட்டினால், காது சொல்வது ஒன்று, அட்டை சொல்வது ஒன்று. இ-க்கு இட்லி, இஞ்சி, இரும்பு, இனிப்பு. உ-வுக்கு உப்பு, உண்டியல், உருண்டை. இவை பேச்சிலும் மாறாமல் நிற்பவை. சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை அடுப்படியில் பேசுவதுபோல் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் ஒலி மாறினால் அதைப் பாட்டில் வைக்காதீர்கள். அதேபோல் உ-வைச் சொல்லின் கடைசியில் வைத்துக் கற்றுத்தர வேண்டாம். “பாட்டு” என்பதன் கடைசி உ குறுகி, உதடு குவியாமல் ஒலிக்கிறது. அது குற்றியலுகரம், குழந்தை தேடும் உ அங்கே இல்லை.

குறில் நெடிலுக்கு வருவோம். இலக்கணம் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று அளந்து, கண் இமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும் ஒரு மாத்திரையாகச் சொல்கிறது. குழந்தைக்கு இதைக் கையால் செய்து காட்டலாம். எ-வுக்கு ஒரு சொடுக்கு அல்லது தட்டு. ஏ-வுக்குத் தட்டிய கையைத் தொடையிலேயே இழுத்துவிடுவது. இரண்டு தனித்தனித் தட்டு கொடுத்தால் குழந்தை “எ-எ” என்று வெட்டிச் சொல்லும். இழுப்பாக இருப்பதே சரி.

இங்கே பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் மெட்டுதான். தெரிந்த ஆங்கிலக் குழந்தைப் பாட்டு மெட்டிலோ சினிமா மெட்டிலோ வரியைப் பொருத்தினால், நீண்ட சுரம் எங்கே வருகிறதோ அங்கே உள்ள எழுத்து நீண்டுவிடும். “எலி” நீண்ட சுரத்தில் விழுந்தால் “ஏலி” ஆகிவிடும். அம்மா “ஆம்மா” ஆவாள். எழுத்தைக் கற்றுத்தர வந்த பாட்டே குறிலை நெடிலாக்கிவிடுகிறது. உங்கள் மகள் முழுப் பாட்டும் பாடி எழுத்தை அடையாளம் காணாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எழுத்துப் பாட்டை ராகம் போட்டுப் பாடாமல், கை தட்டிச் சந்தமாகச் சொல்லுங்கள். ராகம் வேண்டுமென்றே குழந்தை கேட்டால், நீளும் சுரம் நெடில் எழுத்தின்மேல் மட்டும் விழுகிற மாதிரி மெட்டைத் தேர்ந்தெடுங்கள்.

குறில் நெடிலைப் பழக்க தமிழ்ப் பேச்சிலேயே ஒரு விளையாட்டு தயாராக இருக்கிறது. “மாடு கீடு வந்துடப் போகுது”, “பணம் கிணம் இருக்கா” என்கிறோமே, அந்த எதிரொலிச் சொல். முதலெழுத்து குறிலானால் கி, நெடிலானால் கீ. இந்த விதியை யாரும் சொல்லித் தந்ததில்லை, ஆனாலும் தமிழ் பேசுகிற வீட்டில் வளரும் குழந்தை விரைவில் பிடித்துக்கொள்கிறது. அதையே வரியாக அடுக்கலாம்:

பட்டு கிட்டு, பாட்டு கீட்டு
முட்டை கிட்டை, மூட்டை கீட்டை
தொட்டி கிட்டி, தோட்டம் கீட்டம்

பெரியவர் முதல் பாதியைச் சொல்ல, குழந்தை எதிரொலியைச் சொல்லட்டும். “பாட்டு” என்றதும் “கீட்டு” என்று சரியாக நீட்டினால் நீளம் காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். “கிட்டு” என்றால் இன்னும் விழவில்லை. எழுத்தட்டையை எடுக்க அவசரப்பட வேண்டாம். கி, கீ-யில் தொடங்கும் சொற்களை இந்த ஆட்டத்தில் தவிர்த்துவிடுங்கள். கிளிக்கு எதிரொலி மறுபடி கிளியே ஆகிவிடும்.

இனி, சொல்லின் முதலில் வராத அந்த எட்டு எழுத்துகள். இவற்றுக்கு முதல் படியாக இரட்டைக்கிளவியைப் பயன்படுத்துங்கள். ட-வுக்குக் கடகட, ண-வுக்குத் தொணதொண, ர-வுக்குச் சரசர, ல-வுக்குச் சலசல, ழ-வுக்குக் கொழகொழ, ள-வுக்குப் பளபள, ற-வுக்கு மொறுமொறு, ன-வுக்கு மினுமினு. எட்டும் இரண்டாம் இடத்தில், அதுவும் இரண்டு தரம் வருகின்றன. பிரித்தால் பொருள் தராத சொற்கள் இவை. வேடிக்கைப் பாட்டுக்குத் தமிழே வைத்திருக்கும் கையிருப்பு. முறுக்கைக் கடிக்கும்போது மொறுமொறு, வெண்டைக்காய் நறுக்கும்போது கொழகொழ என்று இரண்டு நாள் காதில் போட்ட பிறகு, எதுகைப் பாட்டைத் தொடங்கலாம்.

ஒரு பாட்டை எப்படிக் கட்டுவது என்று ண-வை வைத்துப் பார்ப்போம். முதலில் சொற்களைத் திரட்டுங்கள்: கண்ணு, மண்ணு, அண்ணன், தண்ணி, எண்ணெய், வெண்ணெய், கிண்ணம், சுண்ணாம்பு, ஆணி, ஏணி, கோணி, வீணை. இவை இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. குறிலுக்குப் பின் ண்ண என்று இரட்டித்தவை ஒரு பக்கம், நெடிலுக்குப் பின் ஒற்றையாக வருபவை ஒரு பக்கம். எதுகைக்கு முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும் என்பது யாப்பின் விதி, இங்கே அதை அப்படியே கடைப்பிடியுங்கள். தண்ணியும் ஏணியும் ஒரே பாட்டில் ஒலித்துப் பொருந்தாது. முதலில் கைக்கு வரும் வரி “அண்ணன் கண்ணில் மண்ணு விழுந்தது” என்பதுபோல் இருக்கும். சந்தம் சரி, எதுகை சரி. ஆனாலும் இரண்டு குறை. ஒன்று, நடக்கக்கூடிய விஷயம். சிரிப்பு வரவில்லை, பாவமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய குறை, “அண்ணன்” என்ற சொல்லிலேயே ண-வும் ன-வும் இருக்கின்றன. எதைக் கேட்க வேண்டும் என்று குழந்தைக்குத் தெரியாது. பெரும்பாலான அட்டைகளில் ண-வுக்குக் கண், இல்லையென்றால் அண்ணன் என்றுதான் போட்டிருப்பார்கள். அண்ணனை எடுத்துவிட்டு மற்றவற்றை அடுக்கினால்:

தண்ணித் தொட்டியில் வெண்ணெய் குளித்தது
எண்ணெய் கேட்டுக் கிண்ணம் சிரித்தது

ஒவ்வொரு வரியிலும் முதல் தட்டிலும் மூன்றாம் தட்டிலும் ண்ண விழுகிறது. ன, ந இரண்டும் எங்கேயும் இல்லை. ஒரே ஒலிக் குடும்பத்தைச் சேர்ந்த எழுத்துகளில் ஒரு பாட்டுக்கு ஒன்றுதான் என்பதை மட்டும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ண-ன-ந ஒரு குடும்பம், ல-ள-ழ ஒரு குடும்பம், ர-ற ஒரு குடும்பம்.

ல-ள-ழ குடும்பத்தில் இந்த விதி கையைக் கட்டிப்போடும். “மேலே”, “இல்” உருபு, “-கள்” விகுதி எல்லாம் வரியில் தானாக நுழைந்துவிடும். ழ பாட்டில் “மழையில்” என்று எழுதினாலே ல் வந்துவிட்டது. உருபே இல்லாத சொற்களாகவோ ஐ, கு உருபுகளோடோ எழுதித்தான் தப்பிக்க வேண்டும்:

பல்லி சொல்லி நெல்லு குத்துது
கல்லு மேலே புல்லு கத்துது

துள்ளித் துள்ளிப் பள்ளி போச்சு
கிள்ளிப் பார்த்தா புள்ளி ஆச்சு

ஏழு கோழி கூழு குடிக்குது
தாழம் பூவை வாழை கடிக்குது

ல-வும் ள-வும் இரட்டிக்கும், ழ இரட்டிக்காது. அதனால் முதல் இரண்டு பாட்டும் குறிலில் துள்ளி ஓட, மூன்றாவது மட்டும் நெடிலில் இழுத்து நடக்கிறது. அந்த நடை வித்தியாசமே ழ-வைப் பிரித்துக் காட்ட உதவும். மூன்றையும் ஒரே வாரத்தில் சொல்லித்தர வேண்டாம். ல நன்றாகப் பதிந்த பிறகு ழ, கடைசியில் ள என்று போனால் குழப்பம் குறையும்.

உச்சரிப்பு பற்றிக் கறாராகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ள-வுக்கு நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ழ-வுக்கு மடிந்து போகும், ஆனால் அழுத்தித் தடுக்காமல் காற்றுக்கு வழிவிடும். சொல்பவர் வாயில் இந்த வித்தியாசம் இருந்தால்தான் பாட்டு அதைக் கற்றுத்தரும். பல ஊர்ப் பேச்சில் ழ-வும் ள-வும் ஒன்றாகிவிட்டன, சில பேச்சில் வாழைப்பழம் “வாயப்பயம்” ஆகிறது. வீட்டுப் பேச்சு அப்படி இருந்தால் அதைத் திருத்தப் போக வேண்டாம். பாட்டுச் சொல்லும்போது மட்டும் நிதானமாக நாக்கை மடித்துச் சொன்னால் போதும். நாலு வயதில் குழந்தை ழ-வைச் சரியாகச் சொல்லாதது இயல்பு. கேட்டுப் பிரித்தறிகிறதா என்பதை மட்டும் பாருங்கள். “கோழியா, கோலியா?” என்று இரண்டு படத்தைக் காட்டிச் சொன்னால் சரியானதைத் தொடுகிறதா? தொட்டால் போதும்.

ஒலியால் தீராத இடங்களும் உண்டு. ர-வும் ற-வும் தனித்து வரும்போது இன்று பலருடைய பேச்சில் ஒன்றாகத்தான் ஒலிக்கின்றன. ந-வும் ன-வும் அப்படியே. காதில் வித்தியாசமே விழாதபோது எதுகை என்ன செய்யும்? இங்கே பாட்டின் வேலை ஒலியைப் பிரிப்பது கிடையாது. எழுத்து எங்கே உட்காரும், யாரோடு சேரும் என்று சொல்வதுதான். பழைய வழக்கில் இவற்றுக்கு டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்றே பெயர். கூட்டாளியின் பெயர் முன்னால் ஒட்டியிருக்கிறது. ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன். அதை இப்படி ஓட்டலாம்:

வண்டி உருண்டது ண்ட ண்ட ண்ட
பந்து குதித்தது ந்த ந்த ந்த
கன்று சிரித்தது ன்ற ன்ற ன்ற

ஒரு பாட்டுக்கு ஒன்று என்ற விதியை இது வேண்டுமென்றே மீறுகிறது. ஆகவே மூன்று எழுத்தும் தனித்தனியாகப் பழகிய பிறகு, ஐந்து வயதை ஒட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன் சொன்னால் வெறும் தாளமாக நின்றுவிடும்.

வல்லினத்துக்கு நேர்மாறான சிக்கல். அங்கே ஒலி பல, எழுத்து ஒன்று. “கல்” என்பதில் வரும் க-வும், “சங்கு” என்பதில் ங்-குக்குப் பின் வரும் க-வும், “பாகு” என்பதில் இரண்டு உயிருக்கு நடுவே மெலிந்து வரும் க-வும் காதுக்கு மூன்று. “க - கல், கண், கடல்” என்று முதலெழுத்து மட்டும் பழகிய குழந்தை “பாகு” என்பதைப் “பாக்கு” என்று படிக்கும். அது கவனக்குறைவு கிடையாது, கற்றுத்தந்தபடிதான் படிக்கிறது. அதனால் க, ச, ட, த, ப-வுக்கு முதலெழுத்துப் பாட்டோடு இன்னொரு பாட்டும் வேண்டும்:

அக்கா கையில் பாக்கு பாக்கு
தங்கை கையில் பாகு பாகு
சிங்கம் கேட்டது பங்கு பங்கு

அட்டையில் கு என்ற ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு, மூன்று வரிக்கும் அதையே தொடவையுங்கள். “கூட யார் நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் இது குரலை மாற்றும்” என்று சொன்னால் குழந்தைக்குப் புரிகிறது. ங-வுக்குத் தனிப் பாட்டு தேட வேண்டாம், சிங்கமும் பங்கும் போதும்.

சொல்லித்தரும் முறை சிறியது, வரிசையை மட்டும் மாற்றக் கூடாது. ஒரு பாட்டுக்கு மூன்று நான்கு நாள், நாளைக்கு ஐந்து நிமிடம். முதல் நாள் எழுத்தே வேண்டாம். தட்டி, சொல்லி, சிரிக்கட்டும். அடுத்த நாள் ஒரு சொல்லை விழுங்கிவிட்டுக் காத்திருங்கள்: “தண்ணித் தொட்டியில்…” குழந்தை “வெண்ணெய்” என்று நிரப்ப வேண்டும். அதன் பிறகே அட்டை, அதிலும் ஓர் எழுத்து மட்டும், படம் இல்லாமல். அந்த எழுத்தின் ஒலி வரும் ஒவ்வொரு முறையும் விரல் அட்டையைத் தொட வேண்டும். உங்கள் மகள் விஷயத்தில் விட்டுப்போனது பெரும்பாலும் இந்தப் படிதான். பாட்டு ஓடுகிற வேகத்தில் அ, ஆ, இ, ஈ என்பது பன்னிரண்டு எழுத்தாக இல்லாமல் ஒரே நீளச் சொல்லாகப் பதிந்துவிடுகிறது. “ஊவுக்கு அடுத்து?” என்று கேட்டால் அ-விலிருந்து மறுபடி தொடங்கும் குழந்தைக்கு நடந்திருப்பது இதுதான். பாட்டை மெதுவாக்கி விரலால் தொடவைத்தால் சரியாகும். வரிசையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இட்டுக்கட்டிய சொற்கள் கடைசியில் வருகின்றன, கற்றுத்தரவும் சோதிக்கவும். நிஜச் சொல்லைக் குழந்தை முதல் எழுத்தைப் பார்த்து ஊகித்துவிடும். “தகம்பு” என்று எழுதினால் ஊகிக்க வழியில்லை. எழுத்தெழுத்தாகப் படித்தே ஆக வேண்டும். உயிர்மெய் முழுவதற்கும் தனித்தனிப் பாட்டு எழுதாமல், ஒரே வரியை உயிர் மாற்றி ஓட்டவும் இது வழி: தகதக தம்ப, தாகா தாகா தாம்பா, திகிதிகி திம்பி, தீகீ தீகீ தீம்பீ, துகுதுகு தும்பு. குழந்தை ஒரு வரி கேட்டாலே அடுத்ததைத் தானே செய்யும். செய்கிறபோது கால், கொம்பு, சுழி எது சேர்கிறது என்று எழுதிக் காட்டுங்கள்.

இட்டுக்கட்டுவதற்கும் வரம்பு உண்டு. சொல் தமிழ் வாய்க்கு ஏற்றதாக இருக்க வேண்டும்: அந்த எட்டு எழுத்தில் தொடங்கக் கூடாது, க், ச், ட், த், ப், ற் என்று முடியக் கூடாது, மெல்லினம் தன் இனத்தோடுதான் சேர வேண்டும். “ழப்பு”, “மணக்”, “பன்டு” போன்றவை வேடிக்கையாக இருந்தாலும் இல்லாத பழக்கத்தை ஏற்படுத்தும். “பன்டு” என்று படித்துப் பழகிய கை பிறகு “வன்டி” என்று எழுதும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். உயிர் மாற்றிக்கொண்டே போகும்போது எங்காவது ஒரு கெட்ட சொல் பிறக்கும். மகளிடம் சொல்லும் முன் பன்னிரண்டு உயிரையும் நீங்களே ஒருமுறை சொல்லிப் பாருங்கள், வேறு மாவட்டத்துக்காரர் ஒருவரிடமும் சொல்லிக் காட்டுங்கள். உங்கள் ஊரில் பொருளில்லாத சொல் அடுத்த ஊரில் வசவாக இருக்கலாம்.

எழுத்து வடிவத்துக்கு இந்தப் பாட்டுகள் எதுவும் செய்யாது. ட, ப, ம என்று வடிவ ஒற்றுமை பார்த்து எழுதப் பழக்கும் முறை தனி, அது பாட்டின் வரிசையோடு ஒத்துவராது. படபட, மடமட, கடகட என்று அந்த எழுத்துகளுக்கு ஏற்ற இரட்டைக்கிளவியை எடுத்தால் இரண்டும் சில நாள் சேர்ந்து போகும், பிறகு பிரியும். பிரிந்தாலும் கவலை வேண்டாம், காது முன்னே போகட்டும். குழந்தை சீக்கிரம் வாசிக்குமா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. அது வீட்டில் எவ்வளவு வாசித்துக் காட்டுகிறீர்கள் என்பதையும் பொறுத்தது. இந்த வழியில் உறுதியாக எதிர்பார்க்கக் கூடியது, ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் பழக்கமும் அதை ஒற்றை எழுத்தோடு பொருத்தும் பழக்கமும்தான். நாளைக்கே தொடங்குவதாக இருந்தால் எ-ஏ ஜோடியை எடுங்கள். நான்கு நாள் கழித்து இரண்டு அட்டையையும் தரையில் வைத்து “எருமை”, “ஏலக்காய்” என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பத்தில் எட்டு முறை சரியான அட்டையைத் தொட்டால் ஒ-ஓ-வுக்குப் போகலாம். இல்லையென்றால் அட்டையை எடுத்து வைத்துவிட்டு மாடு கீடு ஆட்டத்துக்குத் திரும்புங்கள்.